செமினாரில் மறுத்துப் பேசுவது எப்படி: புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

உன் செய்தி பார்த்தேன். முதல் வார செமினாரில் ஒரு பெண் சொன்னது சரியில்லை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், அறைக்கு வந்த பிறகு ராத்திரி முழுக்க அதே யோசனை என்று எழுதியிருந்தாய். "எல்லார் முன்னாலயும் அவங்க சொன்னது தப்புன்னு எப்படிக்கா சொல்றது, மரியாதையா இருக்காதே" என்று வேறு கேட்டிருந்தாய். இதைப் போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும், அதனால் எழுதுகிறேன். அடுத்த வியாழக்கிழமை உங்களுக்கு 1943 வங்காளப் பஞ்சம் என்று பாடத்திட்டத்தில் போட்டிருக்கிறது, அமர்த்தியா சென் எழுதிய 'Poverty and Famines' புத்தகத்தின் ஆறாம் அத்தியாயம் படித்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், உனக்கு இரண்டு வேலை ஒன்றாக முடியும்.

முதலில் இந்த பிரிட்டிஷ் ஊர் செமினார் எதற்கு என்பதைச் சரியாகப் புரிந்துகொள். லெக்சரில் நூறு பேர் உட்கார்ந்து குறிப்பெடுப்பீர்கள், அங்கே பேசுவது ஆசிரியர் மட்டும்தான். செமினாரில் பன்னிரண்டு பதினைந்து பேர், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, வட்டமாக மேசை. ஆசிரியர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். நம் கல்லூரியில் சார் வந்தால் எழுந்து நின்று பழகியவர்களுக்கு, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே ஒருவர் இன்னொருவரை மறுப்பது கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே நீ அடக்கமாக மௌனம் காப்பதை யாரும் மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படிக்காமல் வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள், அது உனக்கு நியாயமாகவும் இல்லை, ஏனென்றால் நீ படித்திருக்கிறாய். சில பாடங்களில் செமினாரில் பேசுவதற்கு மதிப்பெண் உண்டு, பலவற்றில் இல்லை. பாடத்தின் கையேட்டில் மதிப்பீடு என்ற பகுதியைப் பார்த்து உன்னுடையது எது என்று தெரிந்துகொள்.

நான் சொல்லப்போவதன் மையம் ஒன்றுதான். ஒரு மறுப்பு மரியாதையாகப் படுவதும் முரட்டுத்தனமாகப் படுவதும் பெரும்பாலும் அதன் அளவைப் பொறுத்தது. "நீ சொன்னது தப்பு" என்பது பெரிய மறுப்பு, அதில் ஆளே அடிபடுகிறார். "உணவு ஐந்து சதவீதம்தான் குறைந்தது என்பது எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது" என்பது சின்ன மறுப்பு, அதில் ஒரு எண் மட்டும்தான் விசாரணைக்கு வருகிறது. இரண்டாவதை நீ எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் யாரும் புண்படமாட்டார்கள். முதலாவதை எவ்வளவு தேன் தடவிச் சொன்னாலும் புண்படுவார்கள்.

வியாழனுக்கு முன்னால்: மறுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி

சின்னதாக மறுக்க வேண்டுமென்றால் எந்த இடத்தில் மறுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது செமினாரில் உட்கார்ந்த பிறகு கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை, முந்தைய நாள் மேசையில் முடிக்க வேண்டிய வேலை. ஒரு வெள்ளைத்தாளில் ஆசிரியரின் வாதத்தைப் படிப்படியாக எழுது. சென்னின் வாதம் ஏறக்குறைய இப்படிப் போகும்.

ஒன்று, வங்காளத்தில் 1943-க்கான உணவு வரத்து அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுச் சராசரியைவிட சுமார் 5 சதவீதம்தான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம்கூட. இரண்டு, ஆகவே உணவு குறைந்துபோனதுதான் பஞ்சத்துக்குக் காரணம் என்ற பழைய விளக்கம் போதாது. மூன்று, செத்தவர்கள் யார் என்று பார்த்தால் கிராமத்துக் கூலித் தொழிலாளிகள், மீனவர்கள் போன்றவர்கள். போர்க்காலத்தில் அரிசி விலை ஏறிய வேகத்துக்கு அவர்கள் வருமானம் ஏறவில்லை. கல்கத்தாவில் மலிவு விலை அரிசி கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். நான்கு, எனவே பஞ்சத்தைப் புரிந்துகொள்ள நாட்டில் எவ்வளவு உணவு இருக்கிறது என்பதைவிட யாருக்கு அதைப் பெறும் வழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இப்போது இந்த நான்கில் உன் சந்தேகம் எதன் மேல் என்று உன்னையே கேள். உன் கேள்வி முதல் படியின் மேல் மட்டும் இருந்தால் அதற்காக நான்காவதைத் தாக்க வேண்டியதில்லை. பல பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள், ஒரு எண்ணில் ஓட்டை கண்டதும் "இந்தத் தியரியே நிற்காது" என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், அப்புறம் நான்கு பக்கமிருந்தும் கேள்வி வரும்போது பதில் இருக்காது.

முதல் படியில் கைவைக்கப் போகிறாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்த விளைச்சல் எண்கள் அன்றைய அரசாங்கக் கணிப்புகள், அவை அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1943-இல் சாப்பிடப் பெரும்பாலும் 1942-இல் விளைந்த நெல்தான் இருந்தது. அந்த 1942-இல் வங்காள நெற்பயிரில் பழுப்புப் புள்ளி நோய் பரவியது, அக்டோபர் 16-ஆம் தேதி மிட்னாப்பூர்ப் பக்கம் பெரிய புயலும் அடித்தது. பத்மநாபன் என்ற பயிர்நோய் ஆய்வாளர் 1973-இல் எழுதிய கட்டுரையில் சின்சுரா, பாங்குரா நெல் ஆராய்ச்சி நிலையங்களின் பதிவேடுகளை எடுத்து, 1942-இல் பல ரகங்களின் விளைச்சல் முந்தைய ஆண்டைவிட எவ்வளவு மோசமாகச் சரிந்தது என்று காட்டினார். அரசாங்கக் கணிப்பு இந்த இழப்பை முழுசாகப் பிடிக்கவில்லை என்றால், 5 சதவீதம் என்ற எண் உண்மையைவிடச் சின்னதாக இருக்கலாம். பௌப்ரிக் என்ற பொருளாதார நிபுணர் 1986-இல் சென்னின் கணக்குகளை நேரடியாக எதிர்த்து எழுதினார், சென்னும் அதற்குப் பதில் எழுதினார். அதாவது நீ தனியாகக் கிளப்பும் புரளி இல்லை இது, துறைக்குள்ளேயே நடந்த சண்டை. இதைத் தெரிந்துகொண்டு போனால் குரல் தானாக நிதானப்படும்.

தாளின் கீழே ஒரே வாக்கியத்தில் உன் மறுப்பை எழுது: "5 சதவீதக் குறைவு என்பது நோயால் வந்த இழப்பைக் குறைத்து மதிப்பிட்ட கணக்கிலிருந்து வந்திருக்கலாம்." அந்த ஒரு வாக்கியம், பக்க எண், ஆதாரம். இவ்வளவு போதும், பேச்சை மனப்பாடம் செய்துகொண்டு போகாதே. எழுதி வைத்ததை ஒப்பித்தால் எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்பதே உன் காதில் விழாது.

உள்ளே நுழைவது

முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று பேசிவிடு. அது மறுப்பாக இருக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்று கேட்பதுகூடப் போதும். நாற்பது நிமிடம் சும்மா இருந்துவிட்டு முதல் முறை வாய் திறக்கும்போதே மறுப்பாக வந்தால், மற்றவர்கள் காதுக்கு அது இருப்பதைவிடக் கனமாக விழும். உன் குரலும் நடுங்கும்.

பேச்சில் இடம் கிடைப்பதற்கு ஆசிரியர் உன்னைக் கூப்பிடுவார் என்று காத்திருக்காதே. ஒருவர் வாக்கியம் முடியப்போகும்போது கொஞ்சம் முன்னால் சாய்ந்து, பேனாவையோ கையையோ மேசையிலிருந்து சற்றுத் தூக்கினால் போதும், பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியர் தலையசைப்பார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஆரம்பித்துவிட்டால் "நீங்க சொல்லுங்க" என்று விட்டுக்கொடு, அவர் முடித்ததும் பேச்சு பெரும்பாலும் உன்னிடமே வந்துவிடும். நீ யோசித்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போய்விட்டதா, பரவாயில்லை. "கேன் ஐ கோ பேக் டு" என்று ஆரம்பித்து, யார் என்ன சொன்னார் என்று நினைவுபடுத்திவிட்டு உன் விஷயத்துக்கு வா. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் போவதை இங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை, கவனித்துக் கேட்டிருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள்.

அவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, எல்லாரும் தாண்டிக் குதிக்கும் படியும் இதுதான்.

உன் எதிரே இருக்கும் மாணவி இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்: "வங்காளத்தில் உணவுப் பற்றாக்குறையே இல்லை என்று சென் நிரூபித்துவிட்டார். அது முழுக்க முழுக்க விலையும் கூலியும் சம்பந்தப்பட்ட விஷயம்." உனக்கு உடனே மறுக்கத் தோன்றும். பொறு. முதலில் அவள் வாதத்தின் வலுவான பகுதியை எடுத்து, அவளே சொல்லியிருக்கக்கூடிய மாதிரி ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல். நான் தமிழில் எழுதுகிறேன், நீ உன் வாய்க்கு வரும் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்:

"நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்கிறேன். 1943-இல் இருந்த உணவு 1941-ஐவிடக் குறைவில்லை, அப்படியிருக்க 1941-இல் வராத பஞ்சம் 1943-இல் வந்ததற்குப் பற்றாக்குறை காரணமாக இருக்க முடியாது, அதனால் யாரால் அரிசி வாங்க முடிந்தது என்றுதான் பார்க்க வேண்டும் என்கிறீர்கள், சரியா?"

இதில் கவனி, அவள் சொன்ன "நிரூபித்துவிட்டார்" என்ற மிகையான வார்த்தையை நீ எடுக்கவில்லை. அதைப் பிடித்துத் தொங்கினால் சுலபமாக ஜெயிக்கலாம், ஆனால் அவள் அடுத்த வாக்கியத்திலேயே "சரி, நிரூபிக்கவில்லை, வாதிட்டார்" என்று திருத்திவிடுவாள், விஷயம் அங்கேயே நின்றுவிடும். வாதத்தின் நல்ல வடிவத்தை நீயே கட்டிக்கொடுத்தால்தான் அதற்குப் பிறகு நீ கேட்கும் கேள்விக்கு எடை இருக்கும்.

அவள் "ஆமாம், அதுதான்" என்று சொன்னால் கதவு திறந்தது. "இல்லை, நான் சொல்ல வந்தது அது இல்லை" என்றால் இன்னும் நல்லது, இல்லாத ஒன்றை மறுப்பதிலிருந்து தப்பித்தாய். சில சமயம் அவள் திருத்திச் சொல்வதைக் கேட்டதும் உனக்கு மறுப்பே இல்லை என்று தெரியவரும். அப்போது மறுக்காமல் விட்டுவிடு, அதில் ஒரு குறையும் இல்லை.

மறுக்கும் வாக்கியம்

இப்போது உன் முறை. நேரத்தை இழுக்காமல், நாலைந்து வாக்கியத்தில்:

"1941-ஓடு ஒப்பிடும் அந்த வாதம் எனக்கும் வலுவாகத்தான் படுகிறது. என் சிக்கல் அதற்கு அடியில் இருக்கும் எண்ணில். 1942-இன் விளைச்சல் அரசாங்கக் கணிப்பிலிருந்து வருகிறது, அந்த வருடம் நெற்பயிரில் பழுப்புப் புள்ளி நோய் பரவியிருந்தது. இரண்டு ஆராய்ச்சி நிலையங்களின் பதிவுகளை வைத்து பத்மநாபன் எழுதியதைப் பார்த்தால் இழப்பு மிகப் பெரியது. கணிப்பு இதைத் தவறவிட்டிருந்தால் பற்றாக்குறை 5 சதவீதத்தைவிடப் பெரியதாக இருக்கலாம். நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?"

இதில் எழுவாயைப் பார். "நீங்கள்" என்று ஆரம்பித்து ஒரு குற்றமும் சொல்லவில்லை. எண், கணிப்பு, பதிவு, இவைதான் வாக்கியத்தின் தலையில் இருக்கின்றன. ஒத்துப்போவது எவ்வளவு, ஒத்துப்போகாதது எவ்வளவு என்று முதலிலேயே வரம்பு கட்டியாகிவிட்டது. "இருக்கலாம்" ஒரே ஒரு முறை, அதுவும் உண்மையிலேயே உறுதியில்லாத இடத்தில். கடைசியில் கேள்வி, அவள் பேசுவதற்கான இடம்.

தயங்கித் தயங்கி "ஒருவேளை, எனக்குச் சரியாகத் தெரியாது, நான் தப்பாகக்கூட இருக்கலாம், சாரி, ஆனால்" என்று நான்கு மெத்தை போட்டு அதன்மேல் மறுப்பை வைக்காதே. அதைக் கேட்பவர்களுக்கு நீ என்ன சொல்ல வருகிறாய் என்பதே தெரியாது, "சாரி" என்று ஆரம்பித்தால் ஏதோ குற்றம் செய்யப்போகிறாய் என்று தோன்றும். ஒரு மெத்தை போதும்.

சில ஆங்கிலச் சொற்களைப் பற்றி எச்சரிக்கை. நம் ஊரில் "ஐ ஹேவ் எ டவுட்" என்றால் ஒரு கேள்வி இருக்கிறது என்று அர்த்தம், இங்கே அதைக் கேட்பவர் உனக்கு அவர் பேச்சில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. "ஐ ஹேவ் எ கொஸ்டின்" என்று சொல். "வித் ரெஸ்பெக்ட்" என்பது கேட்க மிகப் பணிவாக இருக்கும், ஆனால் பிரிட்டிஷ்காரர் காதுக்கு அது கடுமையான மறுப்பின் முன்னறிவிப்பு, அதை விட்டுவிடு. "ஆக்சுவலி", "ஆப்வியஸ்லி" இரண்டும் எதிராளியைச் சின்னப்பிள்ளையாக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர்கள் உன்னைப் பார்த்து "தட்ஸ் இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டால் பாராட்டு என்று முடிவு செய்துவிடாதே, பல நேரம் அது "எனக்கு உடன்பாடு இல்லை" என்பதன் மெல்லிய வடிவம். "ஐ'ம் நாட் ஷூர் அபௌட் தட்" என்றால் அநேகமாக உறுதியாகவே மறுக்கிறார்கள்.

தலையைப் பற்றியும் ஒன்று. நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். இங்கே பார்ப்பவர்களுக்கு அது ஆமாமா இல்லையா என்று புரியாது, சிலர் நீ அவர் பேசும்போதே இல்லை இல்லை என்கிறாய் என்று நினைப்பார்கள். மறுக்கப்போகும் நேரத்தில் தலையைச் சும்மா வைத்திரு, வாய் பேசட்டும்.

பதில் வந்த பிறகு

பெரும்பாலான வழிகாட்டிகள் மறுக்கும் வாக்கியத்தோடு நின்றுவிடும், உண்மையான வேலை அதற்கு அப்புறம்தான். அவள் இப்படித் திருப்புகிறாள்:

"இரண்டு ஆராய்ச்சி நிலையத்தின் தோட்டங்களை வைத்து ஒரு மாகாணம் முழுவதற்கும் எப்படி முடிவு சொல்வது? அது மட்டும் இல்லை, பற்றாக்குறை பெரியதாக இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அது எல்லாரையும் ஏன் ஒரே மாதிரி தாக்கவில்லை? கூலிக்காரர்களும் மீனவர்களும் ஏன் அதிகம் செத்தார்கள்?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். இங்கே நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வோம், அப்படியே சரணடைவோம், இல்லை சொன்னதையே சத்தமாகத் திரும்பச் சொல்வோம். நீ அவள் பதிலை இரண்டாகப் பிரி. எதை ஒப்புக்கொள்கிறாய் என்று பெயர் சொல்லி ஒப்புக்கொள், எதை விடவில்லை என்றும் சொல்:

"நிலையங்களைப் பற்றிச் சொன்னது சரி, அந்த எண்ணை மாகாணத்துக்கு அப்படியே நீட்ட முடியாது, அதை நான் ஏற்கிறேன். யார் செத்தார்கள் என்ற கேள்விக்கும் சென்னின் பதில்தான் நல்லது. நான் இன்னும் விடாதது ஒன்றே ஒன்று: 'பற்றாக்குறை பெரிய காரணம் இல்லை' என்று சொல்ல நமக்குக் கணிப்பு நம்பத்தக்கதாக இருக்க வேண்டும், அது அப்படி இருக்கிறதா என்று தெரியவில்லை. 1945-இல் அரசாங்கத்தின் பஞ்ச விசாரணை ஆணையமே அரிசிப் பற்றாக்குறையை ஒரு காரணமாகச் சொன்னது. அப்படியானால் இரண்டும் சேர்ந்து நடந்திருக்கலாமா?"

என்ன நடந்தது பார். ஆரம்பத்தில் "பற்றாக்குறையே இல்லை" என்று இருந்த பேச்சு, "பற்றாக்குறை எவ்வளவு, அது யார் தலையில் விழுந்தது" என்ற கேள்வியாகிவிட்டது. யாரும் தோற்கவில்லை, ஆனால் அறையில் இருக்கும் எல்லாருக்கும் அரைமணி நேரத்துக்கு முன்பு தெரியாத ஒன்று இப்போது தெரியும். ஆசிரியர் குறிப்பெடுக்கத் தொடங்கினால் அது நல்ல அறிகுறி.

ஒப்புக்கொள்ளும்போது முழுசாக ஒப்புக்கொள், "சரி, ஆனால்" என்று ஒரே மூச்சில் சொல்லாதே. "அது சரி" என்று முடித்து ஒரு நொடி நிறுத்து. அந்த நொடி இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதே யார் காதிலும் விழாது.

எத்தனை முறை திரும்பிப் பேசலாம் என்று கேட்பாய். ஒரே விஷயத்தில் இருவருக்குள் இரண்டு சுற்று போதும். மூன்றாவது சுற்றில் மற்ற பத்துப் பேரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். அப்போது நீயே "மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்று திறந்துவிடு.

மனசு கொதிக்கும்போது

இந்தத் தலைப்பில் அது நடக்கும், தயாராக இரு. யாராவது "போர்க்காலம், யார் ஆட்சியில் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்" என்று சொல்வார். இது இலட்சக்கணக்கான மனிதர்களின் சாவு, சென்னின் கணக்கில் சுமார் 30 இலட்சம். உனக்குக் கோபம் வருவதில் தப்பே இல்லை, அதை மறைக்கவும் வேண்டாம். ஆனால் "உங்களுக்கு எங்கள் வலி புரியாது" என்று சொன்னால் அறை அமைதியாகிவிடும், எல்லாரும் கீழே பார்ப்பார்கள், அந்த மனிதர் தன் கருத்தை மாற்றாமலே தப்பித்துவிடுவார். அதைவிட அவர் வாக்கியத்துக்குள்ளேயே போ. "யார் இருந்திருந்தாலும்" என்பது, வேறு முடிவு எடுக்க வாய்ப்பே இல்லை என்கிற கூற்று. அப்படியானால் எடுக்கப்பட்ட ஒரு முடிவைக் காட்டினால் போதும்:

"1942-இல் ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று கரையோர வங்காளத்தில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளைப் பறிமுதல் செய்தார்கள், சில மாவட்டங்களிலிருந்து அரிசியையும் அப்புறப்படுத்தினார்கள். படகு போனதும் மீனவர்களுக்கு வருமானம் போனது, அரிசியைக் கொண்டுபோகும் வழியும் போனது. இது போர் தானாகச் செய்தது இல்லை, நிர்வாகம் எடுத்த முடிவு. இதையும் தவிர்க்க முடியாதது என்று சொல்வீர்களா?"

இதை மெதுவாக, குரலை உயர்த்தாமல் கேள். கோபம் உண்மையின் எடையில் இருக்கட்டும். அதற்கும் அவர் மழுப்பினால் நீ தொடர வேண்டியதில்லை, கேட்ட எல்லாருக்கும் புரிந்திருக்கும். பேசவே முடியாத அளவு மனசு கலங்கினால் "எனக்கு இதைப் பற்றிப் பேச ஒரு நிமிடம் வேண்டும்" என்று சொல்லலாம், இங்கே அதற்கு மதிப்பு உண்டு.

ஆசிரியரையே மறுப்பது

மறுக்கலாம். வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் நின்று பேசும் ஆசிரியர்கள் உண்டு, மாணவர்களைக் கிளப்பிவிடுவதற்காக. அதனால் அவர் சொல்வதை அவர் நம்புகிறார் என்றுகூட எடுத்துக்கொள்ளாதே. முறை அதேதான், ஒரே ஒரு வித்தியாசம், ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசு: "நீங்கள் சொன்னதும் 58-ஆம் பக்கத்தில் இருப்பதும் எனக்கு ஒத்துப்போகவில்லை, நான் எங்காவது தவறாகப் படிக்கிறேனா?" என்று கேட்பது இங்கே முழு மரியாதைக்குரிய கேள்வி. (பக்க எண் உன் பதிப்பில் எதுவோ அது.) பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லையென்றால் கூப்பிடாமலே பேசு, யாரும் கவனிக்க மாட்டார்கள். "சார்" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் போட்டால்தான் கவனிப்பார்கள்.

சரியாகப் போகவில்லை என்று எப்படித் தெரியும்

நீ சொல்லாத ஒன்றுக்கு அவர் பதில் சொல்கிறார் என்றால், உன் மறுப்பு எதைப் பற்றியது என்று அவருக்கு விளங்கவில்லை. கோபப்படாமல் "நான் எண்ணைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்" என்று வரம்பை மறுபடி போடு. அவர் சொன்னதையே இன்னும் மெதுவாக, இன்னும் அழுத்தமாகத் திரும்பச் சொல்கிறார் என்றால், தன் பேச்சு உன் காதில் ஏறவில்லை என்று அவர் நினைக்கிறார். வாதத்தை நிறுத்திவிட்டு அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் படிக்குப் போ. ஆசிரியர் "இதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்" என்று நகர்ந்துவிட்டால், பெரும்பாலும் உன் மறுப்பு அந்த அறையின் கேள்வியைவிடப் பெரிதாகிவிட்டது, அல்லது நேரம் போய்விட்டது. நேரமா அளவா என்பது கடிகாரத்தைப் பார்த்தாலே தெரியும்.

நீ மறுத்தவர் முகம் சுருங்கியிருந்தால் வெளியே வரும்போது ஒரு வார்த்தை பேசு. மன்னிப்பு வேண்டாம், நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை. "மீனவர்களைப் பற்றி நீ கேட்டது நல்ல கேள்வி, எனக்கு அதற்குப் பதில் இல்லை" என்று உண்மையிலேயே பிடித்திருந்த ஒன்றைச் சொல். இந்த ஊர்க்காரர்கள் மேசையில் முட்டிக்கொண்டு அடுத்த பத்து நிமிடத்தில் ஒன்றாகக் காபி வாங்கப் போவார்கள், அதில் பொய் இல்லை. நீயும் போ.

ஒன்று மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் எதிரே இருப்பவரும் விஷயத்தைப் பேச வந்திருந்தால்தான் நடக்கும். நீ பேசும்போதெல்லாம் ஒருவர் குறுக்கே வந்தால், அல்லது உன் உச்சரிப்பையோ ஊரையோ வைத்து ஏதாவது சொன்னால், அது இந்த முறைகளால் தீரும் விஷயம் இல்லை. குறுக்கிட்டால் "நான் முடித்துவிடுகிறேன்" என்று ஒரு முறை சொல், அதையும் தாண்டினால் வகுப்பு முடிந்ததும் ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுது. பணிவாக இருப்பது உன் பொறுப்பு மட்டும் இல்லை.

புதன்கிழமை ராத்திரி அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு. நான்கு படியும் கீழே உன் ஒரு வாக்கியமும் இருக்க வேண்டும். வாக்கியம் நீளமாக இருந்தால் எங்கே வெட்டுவது என்று போனில் பேசுவோம், ஒன்பது மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அக்கா